இங்கிலீஷ் குறிப்பிலிருந்து தமிழில் போலீஸ் புகார்: செல்போன் பறிப்பு ஒன்றை முன்வைத்து

கேள்வி: என் தங்கையின் செல்போனை நேற்று இரவு வேளச்சேரியில் பைக்கில் வந்த இரண்டு பேர் பறித்துவிட்டார்கள். கீழே விழுந்ததில் முழங்காலில் அடி. அலுவலகப் பழக்கத்தில் அவள் நடந்ததையெல்லாம் லேப்டாப்பில் இங்கிலீஷில் குறித்து வைத்திருக்கிறாள். நேரங்களும் இருக்கின்றன. குறிப்பை அனுப்பியிருக்கிறேன். இதைத் தமிழில் புகாராக எழுத வேண்டும். நேரத்தை எப்படிப் போடுவது, அவன் மிரட்டியதை எப்படி எழுதுவது? அப்படியே மொழிபெயர்த்தால் போதுமா?

பதில்:

போதாது. குறிப்பை உங்கள் தங்கை தனக்காக எழுதிக்கொண்டார். புகாரை அவரைத் தெரியாத பலர் படிப்பார்கள். இன்று ஸ்டேஷன் ரைட்டர் படிப்பார், நாளை விசாரணை அதிகாரி படிப்பார், ஒன்றிரண்டு வருடம் கழித்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒவ்வொரு வரியாகப் படிப்பார். ஆகவே குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தங்கையை உட்காரவைத்து, நடந்ததைத் தமிழில் முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். குறிப்பு சரிபார்க்க மட்டும் உதவட்டும்.

இங்கிலீஷிலேயே கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள், சட்டத்தில் தடை இல்லை. ஆனால் முதல் தகவல் அறிக்கை தமிழில்தான் தட்டச்சாகும். நீங்கள் மொழிபெயர்க்காவிட்டால் அந்த வேலையை வேறொருவர் அவசரத்தில் செய்வார். அவர் அந்த இடத்தில் இல்லாதவர். எது முக்கியம் என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

முதலில் தேதி. குறிப்பின் தலைப்பில் 03/05 என்று இருக்கிறது. அலுவலகத்தில் வெளிநாட்டுக்காரர்களோடு வேலை செய்பவர்கள் மாதத்தை முன்னால் போடுவது வழக்கம். நம் ஊரில் அதைப் படிப்பவர் மே 3 என்றுதான் எடுத்துக்கொள்வார். புகாரில் 05.03.2025, புதன்கிழமை என்று கிழமையோடு எழுதுங்கள். கிழமை இருந்தால் தேதியில் கைப்பிழை நேர்ந்தாலும் உடனே தெரிந்துவிடும். புகார் முழுவதிலும் 'நேற்று', 'இன்று' என்ற சொற்கள் தேதி இல்லாமல் தனியாக வரக்கூடாது. மருத்துவமனையிலிருந்து 12.20 ஏ.எம். மணிக்குக் கிளம்பியதாகக் குறிப்பு சொல்கிறது. அந்த நேரத்தில் தேதி மாறிவிட்டது. 'அன்று இரவு 12.20' என்று எழுதினால் அது 5-ஆம் தேதியா 6-ஆம் தேதியா என்ற கேள்வி வரும். '06.03.2025 நள்ளிரவு 12.20 மணி' என்று எழுதிவிட்டால் கேள்வி இல்லை. ஸ்டேஷனில் அதை 00.20 என்று மாற்றி எழுதிக்கொள்வார்கள்.

அடுத்து, போனைப் பறித்த நேரம். குறிப்பில் 'சுமார் 9.40' என்று இருக்கிறது. ஆனால் அதே குறிப்பில் இரண்டு வரி தள்ளி, அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது பறித்தார்கள் என்றும் இருக்கிறது. இந்த வரியில்தான் உண்மையான நேரம் கிடைக்கும். அம்மாவின் போனை எடுத்து, அந்த அழைப்பைத் தொட்டுப் பாருங்கள். அழைத்த நேரமும் பேசிய கால அளவும் தனித்தனியே காட்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் 9.38 என்றும், 4 நிமிடம் 12 வினாடி என்றும் இருக்கிறது.

இதைக் கூட்டி 9.42 என்று எழுதத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். 9.38 என்றால் 9.38 தொடங்கிய வினாடியாகவும் இருக்கலாம், முடியப்போகும் வினாடியாகவும் இருக்கலாம். பெரும்பாலான போன்களில் அது அழைத்த நேரம், எடுத்த நேரம் அல்ல. மணி அடித்த சில வினாடிகளை அதோடு சேர்க்க வேண்டும். பேசிய கால அளவோ எடுத்த பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. அப்படிப் பார்த்தால் அழைப்பு துண்டிக்கப்பட்டது 9.42-க்கும் 9.44-க்கும் இடையில். துண்டித்தது யார் என்பதையும் யோசிக்க வேண்டும். பறித்த கணத்திலேயே துண்டானதா, அவர்கள் வண்டியில் போகும்போது துண்டித்தார்களா? அம்மாவைக் கேளுங்கள். மகள் கத்திய சத்தம் கேட்டு எவ்வளவு நேரத்தில் லைன் போனது என்று அவர் சொல்லட்டும். உடனே போய்விட்டது என்றால் நம் கணக்கு நிற்கும். வண்டிச் சத்தம் சிறிது நேரம் கேட்டது என்றால் பறித்த நேரம் அதற்கேற்ப முன்னால் போகும். குறிப்பின் ஓரத்தில் அம்மா 'ஐயோ என்று கேட்டது, உடனே கட் ஆகிவிட்டது' என்று சொன்னதாக நீங்கள் சேர்த்திருக்கிறீர்கள். ஆகவே புகாரில் 'இரவு 9.42 மணிக்கும் 9.44 மணிக்கும் இடையில்' என்று எழுதலாம். முதல் தகவல் அறிக்கையின் படிவத்திலேயே சம்பவ நேரத்துக்கு 'முதல் - வரை' என்று இடம் இருக்கிறது. இப்படி எழுதுவது அந்தப் படிவத்துக்கும் பொருந்தும். கூடவே அம்மா ஒரு சாட்சியாகிறார் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

மற்ற நேரங்களுக்கு இவ்வளவு கணக்கு தேவையில்லை. எந்த நேரத்துக்குக் கையில் ஆதாரம் இருக்கிறதோ அதை நிமிடக் கணக்கில் எழுதுங்கள், இல்லாததற்கு 'சுமார்' போடுங்கள். மருந்துக் கடைக்காரர் தன் போனிலிருந்து 100-க்கு அழைத்தது 9.49 என்று அவர் போனில் பதிவாகியிருக்கிறது. அங்கே 'சுமார்' வேண்டாம். அலுவலகத்திலிருந்து கிளம்பியது, பஸ்ஸிலிருந்து இறங்கியது எல்லாம் நினைவிலிருந்து எழுதியவை. அவற்றுக்கு 'சுமார்' வேண்டும். பஸ் டிக்கெட்டில் நேரம் அச்சாகியிருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். 'சுமார் 9.43' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நிமிடத்தைச் சொன்னவர் எதற்காக 'சுமார்' என்கிறார் என்று கேட்பார்கள்.

கடை கேமராவில் ஒரு சிக்கல் வரும். கேமராவின் கடிகாரம் பல கடைகளில் சில நிமிடங்கள் முன்னோ பின்னோ ஓடிக்கொண்டிருக்கும். பதிவில் 9.51 என்று தெரிந்தால் புகாரை 9.51 என்று திருத்தப் போகாதீர்கள். கேமரா திரையையும் உங்கள் போனின் கடிகாரத்தையும் ஒரே படத்தில் வருமாறு எடுத்து வைத்துக்கொண்டு, வித்தியாசத்தை விசாரணை அதிகாரியிடம் சொல்லுங்கள்.

இனி நடந்தவிதம். புகாரின் உயிர் இதில்தான் இருக்கிறது. உங்கள் குறிப்பு தடுமாறுவதும் இங்கேதான். இங்கிலீஷில் உங்கள் தங்கை எழுதியிருப்பதன் சாரம் இது: போன் பறிக்கப்பட்டது, தள்ளப்பட்டேன், விழுந்தேன், மிரட்டப்பட்டேன். பறித்தது, தள்ளியது, மிரட்டியது என்ற மூன்றிலும் செய்தவர் இல்லை. இதை அப்படியே தமிழாக்கினால் வண்டியில் இருந்த இரண்டு பேரில் யார் எதைச் செய்தார் என்பது காணாமல் போய்விடும். 'அவர்' என்று எழுதினாலும் போதாது, எந்த அவர் என்று குழப்பம் வரும். பெயர் தெரியாத இரண்டு பேர் என்பதால் முதல் வரியிலேயே அவர்களுக்கு அடையாளம் கொடுத்துவிடுங்கள்: 'வண்டியை ஓட்டியவர்', 'பின்னால் அமர்ந்திருந்தவர்'. கடைசி வரை அதே சொற்கள். திரும்பத் திரும்ப வருகிறதே என்று மாற்ற வேண்டாம். புகாரில் நடை அழகு தேவையில்லை.

ஒவ்வொரு செயலுக்கும் தங்கையிடம் கேளுங்கள்: யார், எந்தக் கையால், எதைப் பிடித்து? நான் எழும்பூர், சைதாப்பேட்டை நீதிமன்றங்களில் குறுக்கு விசாரணையைக் கேட்டுப் பழகியவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சாட்சிக் கூண்டில் உங்கள் தங்கை "பின்னால் இருந்தவர் என்னைத் தள்ளினார்" என்று சொன்னதும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் புகாரை எடுத்து நீட்டுவார். "இதில் தள்ளப்பட்டேன் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள், பின்னால் இருந்தவர் தள்ளியதாக எங்கே இருக்கிறது?" என்பார். இங்கே இல்லாத ஒன்றைப் பிற்பாடு சேர்த்ததாக அது நிற்கும்.

'விழுந்தேன்', 'தள்ளினார்' என்ற இரண்டுக்கும் இடையில் சட்டத்தில் பெரிய தூரம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் பறிப்பு என்பது தனிக் குற்றம். அது 304-ஆம் பிரிவில் வருகிறது, மூன்று ஆண்டு வரை சிறை. பொருளை எடுப்பதற்காகவோ எடுத்துக்கொண்டு போவதற்காகவோ காயம் ஏற்படுத்தினால், அல்லது உடனடியாகக் காயம் நேரும் என்று அச்சுறுத்தினால், அது 309-ஆம் பிரிவின் கீழ் கொள்ளையாகிறது. அதற்குப் பத்து ஆண்டு வரை சிறை. சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன், நெடுஞ்சாலையில் நடந்திருந்தால் பதினான்கு ஆண்டு வரை. நேரத்தை ஏன் சரியாக எழுதச் சொல்கிறேன் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைப் படித்துவிட்டு 'தள்ளினார்' என்று எழுதலாம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. இழுத்த வேகத்தில் அவராகவே தடுமாறி விழுந்திருந்தால் அப்படித்தான் எழுத வேண்டும்: 'செல்போனை இழுத்த வேகத்தில் நிலைதடுமாறி விழுந்தேன்.' எந்தப் பிரிவு என்பதைப் போலீஸ் முடிவு செய்யும். புகாரில் பிரிவு எண்களை நீங்கள் எழுதவே வேண்டாம். நடந்ததில் ஒன்றைக்கூட விடாமல், நடக்காததில் ஒன்றைக்கூடச் சேர்க்காமல் எழுதுவதுதான் உங்கள் வேலை. நான் போனில் கேட்டபோது தங்கை தெளிவாகச் சொன்னார்: போனை விடாமல் பிடித்திருந்தேன், அவர் இன்னொரு கையால் தோளைத் தள்ளினார். அதனால் 'தள்ளினார்' சரி.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சொல் இருக்கிறது. அதை யார் சொன்னாலும் எழுதாதீர்கள். 'செல்போன் தொலைந்துவிட்டது.' சிம் கார்டு சீக்கிரம் வாங்கலாம், இன்ஷூரன்ஸுக்கு இது போதும் என்று தெரிந்தவர்களே யோசனை சொல்வார்கள். தொலைந்த பொருளுக்குக் குற்றவாளி கிடையாது, வழக்கும் கிடையாது. 'பறித்துச் சென்றார்கள்' என்பதே நடந்தது.

மிரட்டல் விஷயத்துக்கு வருவோம். குறிப்பில் போனை விடவில்லை என்றால் வெட்டுவதாகக் கத்தினார் என்ற பொருளில் இங்கிலீஷில் ஒரு வரி இருக்கிறது. அவர் பேசியது தமிழில். தங்கை அதை இங்கிலீஷில் எழுதினார். நீங்கள் அதை மறுபடி தமிழாக்கி, 'செல்பேசியை விடுவிக்காவிட்டால் உன்னை வெட்டிவிடுவேன் என எச்சரித்தார்' என்று எழுதியிருக்கிறீர்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனை இழுப்பவர் அப்படிப் பேசியிருக்க மாட்டார். அது அவருடைய சொல்லும் இல்லை, தங்கை கேட்ட சொல்லும் இல்லை. தங்கையின் காதில் விழுந்தது என்னவோ அதை, பேச்சு வழக்கிலேயே, கொச்சையாக இருந்தாலும், மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். அவர் என்னிடம் சொன்னது: "விடு, வெட்டிருவேன்." இரண்டே சொற்கள். அதுவே போதும், அதுவே வலுவானது. கெட்ட வார்த்தை இருந்திருந்தாலும் அதையும் எழுதத்தான் வேண்டும். 'தகாத வார்த்தைகளால் திட்டினார்' என்று மூடி எழுதினால் என்ன வார்த்தை என்று யாருக்கும் தெரியாது. எழுதக் கூச்சமாக இருந்தால் பெண் காவலரிடம் வாய்மொழியாகச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லலாம்.

சொற்கள் சரியாக நினைவில் இல்லை என்றால் மேற்கோள் குறி போடாதீர்கள். 'வெட்டிவிடுவதாக மிரட்டினார், சரியான சொற்கள் நினைவில்லை' என்று எழுதினால் அது நேர்மையான வாக்குமூலம். மேற்கோள் குறிக்குள் கற்பனையான வாக்கியத்தை வைப்பதுதான் ஆபத்து.

கத்தி இருந்ததா என்றும் கேட்டேன். பார்க்கவில்லை என்றார். இதையும் எழுதிவிடுங்கள். வெட்டுவேன் என்று சொன்னதைப் படிப்பவர் கத்தி இருந்ததாகவே கற்பனை செய்துகொள்வார். பிற்பாடு கத்தி இல்லை என்று தெரியவந்தால் புகார் முழுவதன் மீதும் சந்தேகம் விழும்.

இதே போல வண்டி எண். குறிப்பில் 'டி.என். 22 அல்லது 12, கடைசியில் 47' என்று இருக்கிறது. பார்த்தது கடைசி இரண்டு இலக்கம் மட்டும்தான் என்கிறார் தங்கை. முன்பகுதி யூகம். யூகத்தை விட்டுவிடுங்கள். ஆட்களை அடையாளம் காட்ட முடியுமா என்பதும் இப்படித்தான். 'மீண்டும் பார்த்தால் அடையாளம் காட்டுவேன்' என்ற வரியை எல்லாப் புகாரிலும் சடங்கு போல எழுதுகிறார்கள். ஹெல்மெட் அணிந்து ஓட்டியவரின் முகம் தெரியவில்லை, பின்னால் இருந்தவரின் முகத்தைத் தெரு விளக்கில் பார்த்தேன் என்பது தங்கை சொன்னது. அதைப் பிரித்து எழுதினால் பிற்பாடு அடையாள அணிவகுப்பில் அவர் காட்டுவது நிற்கும்.

இடத்தைச் சொல்வதில் ஒரு சிறு எச்சரிக்கை. குறிப்பில் மருந்துக் கடைக்கு முன் என்ற பொருளில் இருப்பதை நீங்கள் 'எதிரே' என்று எழுதியிருக்கிறீர்கள். 'எதிரே' என்றால் சாலையின் மறுபக்கம் என்று ஆகும். சம்பவம் கடை வாசலில் நடந்திருக்கிறது. 'கடைக்கு முன்பாக, கடை இருக்கும் அதே பக்கத்தில்' என்று எழுதினால் மறுபக்கக் கடைகளில் கேமரா தேடி நேரம் வீணாகாது.

எழுதுவதற்கு முன் மருத்துவமனைச் சீட்டை ஒருமுறை படித்துவிடுங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அடிபட்டவர் எப்படி அடிபட்டது என்று சொன்னதை மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதியிருப்பார்கள், நேரத்தோடு. புகாருக்கு முன்பே எழுதப்பட்ட ஆவணம் அது. அதில் 'சாலையில் தவறி விழுந்தார்' என்று இருந்து, புகாரில் 'தள்ளினார்' என்று இருந்தால் இரண்டும் மோதும். உங்களிடம் இருக்கும் சீட்டில் பைக்கில் வந்த அடையாளம் தெரியாத இருவரில் ஒருவர் தள்ளியதாக, இரவு 10.40 என்ற நேரத்தோடு எழுதியிருக்கிறது. நல்லது. மாறாக எழுதியிருந்தால் புகாரை அதற்கு ஏற்ப வளைக்கக் கூடாது. மருத்துவமனையில் யார் என்ன சொன்னார்கள் என்று புகாரிலேயே ஒரு வரி விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.

இவற்றையெல்லாம் வைத்து எழுதினால் புகார் இப்படி வரும்.

அனுப்புநர்:
(பெயர்), வயது 27, தகப்பனார் பெயர், கதவு எண், தெரு, வேளச்சேரி, சென்னை - 600 042. தொடர்புக்கு: அண்ணன் கைப்பேசி எண்.

பெறுநர்:
காவல் ஆய்வாளர் அவர்கள், (காவல் நிலையம்), சென்னை.

பொருள்: 05.03.2025 இரவு எனது செல்போனைப் பறித்துச் சென்ற அடையாளம் தெரியாத இரண்டு நபர்கள் மீது நடவடிக்கை எடுக்கக் கோருதல்.

ஐயா,

நான் மேற்கண்ட முகவரியில் பெற்றோருடன் வசித்து வருகிறேன். பெருங்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். 05.03.2025 புதன்கிழமை இரவு சுமார் 8.50 மணிக்கு அலுவலகத்திலிருந்து புறப்பட்டு, மாநகரப் பேருந்தில் வந்து, சுமார் 9.35 மணிக்கு விஜயநகர் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து வேளச்சேரி - தாம்பரம் சாலையின் இடது ஓரமாகத் தனியாக வீட்டுக்கு நடந்து சென்றேன். 9.38 மணிக்கு என் தாயார் என்னைச் செல்போனில் அழைத்தார். செல்போனை வலது காதில் வைத்து அவருடன் பேசிக்கொண்டே நடந்தேன்.

இரவு 9.42 மணிக்கும் 9.44 மணிக்கும் இடையில், (கடையின் பெயர்) மருந்துக் கடைக்கு முன்பாக, கடை இருக்கும் அதே பக்கத்தில் சென்றபோது, பின்னாலிருந்து கறுப்பு நிற பைக் ஒன்றில் இரண்டு ஆண்கள் என் வலது பக்கமாக வந்தார்கள். பின்னால் அமர்ந்திருந்தவர் இடது கையால் என் செல்போனைப் பிடித்து இழுத்தார். நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். பின்னால் அமர்ந்திருந்தவர் "விடு, வெட்டிருவேன்" என்று சொல்லி, மற்றொரு கையால் என் வலது தோளில் தள்ளினார். நான் சாலையோரம் விழுந்தேன். இடது முழங்காலில் அடிபட்டு ரத்தம் வந்தது. பின்னால் அமர்ந்திருந்தவர் செல்போனைப் பறித்துக்கொள்ள, வண்டியை ஓட்டியவர் தாம்பரம் திசையில் வண்டியை வேகமாக ஓட்டிச் சென்றார். ஆயுதம் எதையும் நான் பார்க்கவில்லை.

வண்டியை ஓட்டியவர் ஹெல்மெட் அணிந்திருந்தார், முகம் தெரியவில்லை. பின்னால் அமர்ந்திருந்தவருக்குச் சுமார் 20 முதல் 25 வயது இருக்கும், ஒல்லியானவர், சிவப்பு டி-சர்ட் அணிந்திருந்தார். அவர் முகத்தைத் தெரு விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன், மீண்டும் பார்த்தால் அடையாளம் காட்டுவேன். வண்டியின் பதிவு எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் 47 என்று பார்த்தேன். முழு எண்ணைப் பார்க்க முடியவில்லை.

நான் கத்திய சத்தத்தை என் தாயார் போனில் கேட்டார், உடனே அழைப்பு துண்டிக்கப்பட்டது. மேற்படி மருந்துக் கடைக்காரர் வந்து என்னைத் தூக்கிவிட்டு, தன் செல்போனிலிருந்து 9.49 மணிக்கு 100-க்கு அழைத்தார். சுமார் 10 மணிக்கு ரோந்து வாகனத்தில் காவலர்கள் வந்து விசாரித்தார்கள். அதன் பிறகு என் அண்ணன் என்னை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். 10.40 மணிக்கு அங்கே பதிவு செய்து சிகிச்சை பெற்று, 06.03.2025 நள்ளிரவு 12.20 மணிக்கு மருத்துவமனையிலிருந்து கிளம்பி வீடு திரும்பினேன். சிகிச்சையாலும் நள்ளிரவு ஆகிவிட்டதாலும் இன்று, 06.03.2025 காலையில் வந்து இந்தப் புகாரைக் கொடுக்கிறேன்.

பறிபோன செல்போன்: (நிறுவனம், மாடல், நிறம்), ஐ.எம்.இ.ஐ. எண்கள் இரண்டு, அதில் இருந்த சிம் கார்டின் எண், வாங்கிய தேதி, பில்லில் உள்ள விலை. பில்லின் நகலும் மருத்துவமனைச் சீட்டின் நகலும் இணைத்துள்ளேன். என் செல்போனைக் கண்டுபிடித்துத் தரவும், மேற்படி நபர்கள் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
(கையொப்பம்), தேதி, நேரம்.

'இன்று' என்ற சொல் ஒரே ஓர் இடத்தில், தேதியோடு சேர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். தாமதத்துக்கான காரணம் என்ற வரியைத் தேவையில்லை என்று வெட்டிவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கைப் படிவத்தில் தாமதத்துக்குக் காரணம் என்ன என்று தனிக் கட்டமே இருக்கிறது. நம் மாநிலத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போன துலியா காளி வழக்கில், 1972-இல், தாமதமாகக் கொடுக்கப்படும் தகவலில் பின்யோசனையும் மெருகேற்றலும் புகுந்துவிடும் என்று நீதிபதிகள் சொன்னது இன்றும் குறுக்கு விசாரணைகளில் எடுத்தாளப்படுகிறது. காரணம் எழுதப்பட்டு, அதற்கு மருத்துவமனைச் சீட்டும் இருந்தால் தாமதம் பெரிய குறையாக நிற்காது.

ஒவ்வொரு போனையும் தனியாக அடையாளம் காட்டும் ஐ.எம்.இ.ஐ. எண் பதினைந்து இலக்கம். போன் கையில் இல்லாததால் *#06# அடித்துப் பார்க்க வழியில்லை. போன் வந்த பெட்டியிலும் பில்லிலும் இருக்கும். பெட்டியிலிருந்து ஒருவர் படிக்க, இன்னொருவர் எழுதிச் சரிபாருங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் வேறொருவரின் போனைத் தேடுவார்கள். புகார் பதிவான பிறகு ceir.gov.in தளத்தில் அந்த எண்ணை முடக்கலாம், அதற்குப் புகார் நகல் கேட்கும். போன் வழியாகப் பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள், அது தனி விஷயம்.

ஸ்டேஷனில் உங்கள் எழுத்துப் புகாரை வாங்கிக்கொண்டு, ரைட்டர் அதைத் தட்டச்சு செய்வார். அப்போது தங்கை பக்கத்திலேயே இருக்கட்டும். சில நேரம் வழக்கமான சொற்றொடர்கள் தானாக நுழைந்துவிடும். 'கத்தியைக் காட்டி மிரட்டி' என்பது அவற்றில் ஒன்று. பணிவாக, ஆனால் விடாமல், "கத்தி நான் பார்க்கவில்லை ஐயா, அதை எடுத்துவிடுங்கள்" என்று சொல்ல வேண்டும். எழுதியதைத் தகவல் கொடுத்தவருக்குப் படித்துக்காட்டி, பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்பது குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. நகல் கையில் வந்ததும் முதலில் மூன்று இடங்களைப் பாருங்கள்: சம்பவத் தேதியும் நேரமும், ஸ்டேஷனுக்குத் தகவல் வந்த நேரம், தாமதக் காரணம். பிழை இருந்தால் அப்போதே எழுதிக் கொடுங்கள்.

சில நேரம் உடனே முதல் தகவல் அறிக்கை போடாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தருவார்கள். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், உயர் அதிகாரியின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்த இப்போது சட்டம் இடம் கொடுக்கிறது. பறிப்பு மட்டும் என்று எடுத்துக்கொண்டால் அது இந்த வரம்புக்குள் வரும், கொள்ளை வராது. காயத்தையும் மிரட்டலையும் அவை நடந்தபடியே எழுதியிருப்பது இங்கேயும் உதவும். சி.எஸ்.ஆர். தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் உள்ள எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். வேளச்சேரியில் எந்த ஸ்டேஷன் எல்லை என்று சந்தேகம் வந்தால் அதற்காகவும் திருப்பி அனுப்ப முடியாது. எல்லை எதுவாக இருந்தாலும் பதிவு செய்துவிட்டு, பிறகு உரிய ஸ்டேஷனுக்கு மாற்ற வேண்டும்.

லேப்டாப்பில் உள்ள இங்கிலீஷ் குறிப்பை அழிக்காதீர்கள், திருத்தவும் செய்யாதீர்கள். அது எழுதப்பட்ட நேரம் கோப்பிலேயே பதிவாகியிருக்கும். 'சுமார் 9.40' என்று குறிப்பில் இருக்க, புகாரில் 9.42 முதல் 9.44 வரை என்று ஏன் வந்தது என்று யாராவது கேட்டால், அம்மாவின் போனைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம் என்று சொல்லலாம். அது நல்ல பதில், உண்மையும் அதுதான். அம்மாவின் போனில் அந்த அழைப்புப் பதிவும், கடைக்காரரின் போனில் உள்ள 9.49 அழைப்புப் பதிவும் அழிந்துவிடாமல் இன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பாடு விசாரணை அதிகாரி தங்கையையும் அம்மாவையும் கடைக்காரரையும் தனித்தனியே விசாரித்து எழுதிக்கொள்வார். அந்த வாக்குமூலங்களில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. தங்கை கையெழுத்துப் போடுவது இந்தப் புகாரிலும் முதல் தகவல் அறிக்கையிலும் மட்டும்தான். அம்மாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அவர் கேட்டது 'ஐயோ' என்ற ஒரு குரல், அதன் பிறகு லைன் போனது. அவர் அதைச் சொன்னால் போதும்.